அடைமொழிக்குப் புள்ளி இல்லை
(நூற்றாண்டு விழாவின் தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



இங்கே பேச வந்திருக்கும் நாங்கள் வெவ்வேறு நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளில் வேலை செய்கிற பழைய மாணவிகள். விண்ணப்பங்களைப் பிரித்து வாசிப்பதும், யாரை நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பது என்று தீர்மானிப்பதும் எங்கள் அன்றாட வேலை. அந்த வேலையில் ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். சுயவிபரக்கோவை ஒன்றிலே தொடர்பாடல், குழுவேலை என்ற இரண்டு திறன்களுக்கும் எப்படிப் புள்ளி இடுவது என்பதே அது.

கணக்கியலில் என்ன பெறுபேறு, தட்டச்சில் என்ன வேகம் என்பவற்றுக்குச் சான்றிதழ் உண்டு. தொடர்பாடலுக்கு அப்படி ஒன்று இல்லாதபடியால் எல்லோரும் அடைமொழியை எழுதிவிடுகிறார்கள். “சிறந்த தொடர்பாடல் திறன் உடையவர், குழுவாக இயங்குவதில் வல்லவர்” என்ற வரி ஏறக்குறைய ஒவ்வொரு விபரக்கோவையிலும் இருக்கிறது. எல்லோரும் எழுதும் ஒரு வரியை வைத்து ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடியாது. அப்போது வாசிப்பவர் என்ன செய்கிறார்? தாளின் அழகையும், ஆங்கிலத்தின் சரளத்தையும், பாடசாலையின் பெயரையும் பார்த்து ஒரு புள்ளியைப் போட்டுவிடுகிறார். சொல்லத் தெரியாத பிள்ளை அங்கேயே விடுபட்டுப் போகிறாள்.

இது புதிய பிரச்சினை அல்ல. 1920 இல் எட்வர்ட் தோண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழுள்ளவர்களுக்கு இட்ட புள்ளிகளை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமை, குணம் என்று தனித்தனியே கேட்டிருந்தும் ஒன்றில் கூடியவருக்கு மற்றவற்றிலும் கூடியே இருந்தது. ஒரு நல்லெண்ணம் எல்லாப் பத்திகளிலும் பரவியிருந்தது. பின்னர் 1963 இல் ஸ்மித், கெண்டல் என்ற இரு ஆய்வாளர்கள் தாதியரை மதிப்பிடுவதற்கு ஒரு வழி கண்டார்கள். நல்ல தாதி, நடுத்தரத் தாதி, குறைவான தாதி என்ன செய்வார் என்பதற்கு உதாரணங்களைத் தலைமைத் தாதியரிடமே கேட்டு, அளவுகோலின் ஒவ்வொரு படியிலும் ஒரு செயலை எழுதிவைத்தார்கள். நாங்கள் பின்பற்றுவதும் அந்த வழியைத்தான்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். தனியார் மருத்துவமனை ஒன்றில் வெளிநோயாளர் பதிவுக் கருமபீடத்துக்குப் பயிலுநர் ஒருவர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, அந்த இடத்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் என்ன பொருள் என்று தீர்மானிப்பது. அங்கே தொடர்பாடல் என்றால் வந்தவர் சொல்வதைச் சரியாகக் கேட்டு, தாம் சொன்னது அவருக்கு விளங்கியதா என்று உறுதிசெய்வது. பெயரிலோ கிளினிக்கிலோ தவறு வந்தால் நோயாளி பிழையான வரிசையில் ஒரு மணித்தியாலம் இருப்பார். குழுவேலை என்றால் அடுத்த கருமபீடத்துக்கும் அடுத்த நேரமுறைக்கும் வேலையைக் குழப்பமின்றி ஒப்படைப்பது, ஒருவர் வராத நாளில் அவர் வேலையையும் பகிர்ந்துகொள்வது. மேடைப்பேச்சு இங்கே அவ்வளவு தேவையில்லை.

அடுத்து ஐந்து படிகள். அடைமொழி மட்டும் இருந்தால் 0. பதவி, அங்கத்துவம், பயிற்சிப்பட்டறைச் சான்றிதழ் ஆகியவற்றின் பெயர் மட்டும் இருந்தால் 1. தான் செய்த ஒரு குறிப்பிட்ட செயல் இருந்தால் 2. அந்தச் செயல் எந்தச் சிக்கலுக்காக, யாரோடு அல்லது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதும் தெரிந்தால் 3. அதன் விளைவும், பிறர் உறுதிப்படுத்தக்கூடிய வழியும் சேர்ந்திருந்தால் 4. ஒவ்வொரு திறனுக்கும் விபரக்கோவையில் உள்ள மிகச் சிறந்த சான்று ஒன்றை மட்டுமே எடுக்கிறோம். ஒரே சான்றை இரண்டு திறன்களுக்கும் எண்ணுவதில்லை.

இப்போது நாங்களே எழுதிக்கொண்ட இரண்டு விபரக்கோவைகளைப் பார்க்கலாம்.

முதலாவது பிள்ளை நல்ல ஆங்கிலத்தில், அழகான தாளில் எழுதியிருக்கிறாள். மேலே அடைமொழிகள். அதன் கீழே, ஊடகக் கழகச் செயலாளர். தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில் கோட்ட மட்டத்தில் முதலிடம். வலைப்பந்தாட்ட அணி உறுப்பினர். பேச்சுப் போட்டி ஒரு செயல். ஆனால் கேட்பவருக்கு விளங்கியதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளும் திறன் அதில் தெரியவில்லை. ஆகவே தொடர்பாடலுக்கு 2. வலைப்பந்தாட்ட அணியில் இருந்தாள் என்பது அங்கத்துவம் மட்டுமே. குழுவேலைக்கு 1. மொத்தம் 3.

இரண்டாவது பிள்ளையின் ஆங்கிலத்தில் எழுத்துப்பிழைகள் உண்டு. கழகம் எதுவும் இல்லை. “ஏனையவை” என்ற தலைப்பின் கீழே இப்படி இருக்கிறது: “அம்மாவின் தையற்கடையில் இரண்டு வருடம் பின்னேரங்களில் ஓடர் எழுதினேன். அளவு பிழைத்து ஆட்கள் திரும்பி வந்தபடியால், ஒவ்வொரு சட்டைக்கும் சீட்டு எழுதி, வாசித்துக் காட்டி, ஒப்பம் வாங்கத் தொடங்கினேன். திருத்தத்துக்கு வருவது மாதம் பத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. சீட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.” சிக்கல், தன் செயல், கேட்டவர், விளைவு, உறுதிப்படுத்தும் வழி எல்லாம் இருக்கின்றன. வாசித்துக் காட்டுவது பதிவுக் கருமபீடத்தில் நாளெல்லாம் செய்ய வேண்டிய அதே வேலை. தொடர்பாடலுக்கு 4.

அவளுடைய இன்னொரு வரி: “பாடசாலை நூலகக் கணக்கெடுப்பில் நாங்கள் நான்கு பேர். ஒருத்தி சுகவீனமுற்றபோது அவளுடைய அலுமாரிகளை மூவரும் பிரித்தெடுத்தோம். பட்டியலை நான் திருத்தி எழுதினேன். குறித்த நாளில் முடித்து நூலகரிடம் ஒப்படைத்தோம்.” இதற்கு எங்களில் ஒருவர் 4 இட்டார். மற்றவர் 3 இட்டார். “பிரித்தெடுத்தோம்” என்பதில் அப்படிப் பிரிக்கலாம் என்று முன்வந்தது யார் என்று தெரியவில்லை என்பது அவருடைய காரணம். இருவர் தனித்தனியே புள்ளி இட்டு, வித்தியாசம் ஒன்றாக இருந்தால் சராசரியை எடுக்கிறோம். இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் அந்த வரியை இருவரும் சேர்ந்து மீண்டும் வாசிக்கிறோம். இங்கே 3.5. மொத்தம் 7.5.

எழுத்துப்பிழை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடிதம் எழுதும் வேலையானால் எழுத்துக்குத் தனிப் பத்தி வைத்து அங்கே குறைக்க வேண்டும். தொடர்பாடல் பத்திக்குள் அதைக் கலந்தால், ஆங்கிலம் வீட்டில் பேசப்பட்டதா என்பதற்கே புள்ளி இடுகிறோம்.

இந்த முறையும் பழுதுபடும். மூன்று இடங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, தோண்டைக் கண்ட அதே பரவல். புள்ளித்தாளைப் பார்த்தாலே பிடிபடும். எல்லா விண்ணப்பதாரருக்கும் தொடர்பாடலும் குழுவேலையும் ஒரே புள்ளியாக இருந்தால், வாசித்தவர் ஆளைப் பற்றிய அபிப்பிராயத்தை இரண்டு தரம் எழுதியிருக்கிறார் என்று சந்தேகிக்க வேண்டும். அதனால் ஒருவரை முழுதாக முடித்து அடுத்தவருக்குப் போவதில்லை. எல்லோருடைய தொடர்பாடலையும் முதலில் முடித்து, பிறகு குழுவேலைக்குத் திரும்புகிறோம். பெயரையும் முகவரியையும் பாடசாலையையும் வேறொருவர் முன்கூட்டியே மறைத்துத் தருவார். எங்கள் பாடசாலையின் பெயரையும் மறைக்கத்தான் வேண்டும். நூறு வயதான ஒரு பாடசாலையின் பெயர் பெரிய அடைமொழி என்பதை நாம் இங்கே ஒத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, இலக்கம். சான்றுக்குப் புள்ளி உண்டு என்று தெரிந்தவுடன் “விற்பனையை 30 சதவீதம் உயர்த்தினேன்” என்பது போன்ற வரிகள் வரத் தொடங்கும். எதிலிருந்து எதற்கு, எவ்வளவு காலத்தில், அதில் உன் பங்கு எது என்ற மூன்றுக்கும் விடை இல்லையானால் அந்த இலக்கம் வெறும் அடைமொழிதான். அதற்காகப் படி உயர்த்துவதில்லை.

மூன்றாவதே மிகவும் கவலைக்குரியது. கழகங்கள் இல்லாத பாடசாலையில் படித்தவள், பாடசாலை விட்டதும் தம்பி தங்கையைப் பார்க்க வீட்டுக்கு ஓடியவள் ஆகியோருக்கு எழுதுவதற்கு மேடை இல்லை. ஆகவே கூலியில்லா வேலையும் வீட்டு வேலையும் சங்க வேலைக்குச் சமமாக எண்ணப்படும் என்று விளம்பரத்திலேயே எழுதுகிறோம். விண்ணப்பப் படிவத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வியும் வைக்கலாம்: “உங்கள் வேலை இன்னொருவரின் வேலையில் தங்கியிருந்த ஒரு சந்தர்ப்பத்தை நூறு சொற்களில் எழுதுக. நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன, அதை அறிந்தவர் யார்?” கேட்டால் எழுதக்கூடிய பிள்ளைகள் பலர். கேட்காவிட்டால் தையற்கடையைப் பற்றி எழுதலாம் என்றே அவர்களுக்குத் தோன்றாது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 0 என்பது திறன் இல்லை என்ற தீர்ப்பு அல்ல. தாளில் சான்று இல்லை என்பதே அதன் பொருள். 4 என்பதும் உண்மை என்று நிரூபணமானதாகாது. இந்தப் புள்ளி, யாரை அழைப்பது, அழைத்து என்ன கேட்பது என்பதற்கு மட்டுமே உதவும். இரண்டாவது பிள்ளையிடம் “ஒப்பமிட மறுத்தவர் வந்தால் என்ன செய்தாய்?” என்று கேட்போம். உண்மையில் செய்தவள் ஒரு மனிதரையும் ஒரு நாளையும் நினைத்துப் பதில் சொல்வாள். எழுதிக்கொடுத்ததைப் படித்தவள் மீண்டும் அடைமொழிக்கே திரும்புவாள்.

மாணவிகளே, முதலாவது பிள்ளை குறைந்தவள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊடகக் கழகச் செயலாளராக அவள் ஏதோ செய்திருப்பாள். ஆறு வகுப்புகளிலிருந்து செய்தி சேர்த்தாளா? தாமதித்த வகுப்போடு எப்படிப் பேசினாள்? பலகை திங்கட்கிழமை காலையில் தயாராக இருந்ததா? அந்த விடைகள் அவளிடம் உண்டு, தாளில் இல்லை. இன்று வீட்டுக்குப் போய் உங்கள் விபரக்கோவையை எடுத்து, அடைமொழிகளை எல்லாம் பென்சிலால் வெட்டிவிட்டு மிஞ்சியதை வாசியுங்கள். மிஞ்சிய இடத்தில் நீங்கள் உண்மையாகவே செய்த ஒன்றை, அதை அறிந்த ஒருவர் வாசித்தால் தலையசைக்கக்கூடிய விதத்தில் எழுதுங்கள். எழுதியதும் சங்கத்தின் தொழில் வழிகாட்டல் குழுவிடம் கொண்டுவாருங்கள். இருவர் தனித்தனியே புள்ளி இட்டு, காரணத்தையும் எழுதித் தருவோம்.