குளியலறையில் ஒரு திண்ணை

கொல்லிமலையில் வழுக்கி விழும் முதியவரின் இடுப்பெலும்பு முறிந்தால், பெரிய மருத்துவமனைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க நேரலாம். ஆகவே இங்கே குளியலறையில் டைல்ஸ் பதித்த திண்ணை ஆடம்பரமல்ல. பிளாஸ்டிக் நாற்காலி போதாதா என்பார்கள். சோப்பு நீரில் அதன் கால்கள் நகரும். கைப்பிடியை ஊன்றி எழும்போதுதான் ஆபத்து. சுவரோடு கட்டிய திண்ணை அசையாது.

உயரம், டைல்ஸ் பதித்த தரையிலிருந்து 17 முதல் 18 அங்குலம். ஆழம் 15 அங்குலம். குள்ளமான பாட்டிக்கு அந்த உயரம் அதிகம். செருப்பில்லாமல் நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து கட்டுங்கள். பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். திண்ணையின் மேற்பரப்புக்கு, சுவரிலிருந்து முன்விளிம்பை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் தேவை. வாட்டம் இருந்தால் ஆள் சறுக்கமாட்டாரா? இந்த அளவு உடம்புக்குத் தெரியாது, கூட்டினால்தான் சறுக்கும். வாட்டமே இல்லாவிட்டால் மலையின் ஈரக்காற்றில் தேங்கிய நீர் காயாமல் பாசி பிடிக்கும். அந்த நீர் இணைப்புகள் வழியே உள்ளே இறங்கி, பின்சுவரில் ஓதம் காட்டும். டைல்ஸுக்கு அடியில் நீர்க்காப்புப் பூச்சு அவசியம். வேலை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றுங்கள். மூலையில் குட்டையாக நின்றால், கூலி கொடுக்குமுன் கொத்தனாரிடம் சொல்லி வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். மார்கழிக் குளிரில் டைல்ஸ் சில்லிடும். உட்காருமுன் வெந்நீர் ஊற்றினால் போதும்.