மகாராணியை அழித்த கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. எனக்கு நடந்த ஒரு சின்ன விஷயத்தைத்தான் சொல்லப் போறேன். நான் அனுப்பாமல் விட்ட ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பற்றி. அது யாருக்கு எழுதினேனோ அவளும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கா. பேர் சொல்ல மாட்டேன். சொல்லிக்கோன்னு அவளே அனுமதி கொடுத்த பிறகுதான் பேசுறேன்.

எங்கள் குழுவுக்கு நான் ஊக்குநர். அவள் பிரதிநிதி. வங்கியில் பணம் எடுக்க என் கையெழுத்தும், ரெண்டு பிரதிநிதிகளில் ஒருத்தர் கையெழுத்தும் வேணும். இன்னொரு பிரதிநிதி அக்கா மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தாங்க. அந்த நேரத்தில் குழுவில் ஒரு அக்காவுக்குக் கறவை மாடு வாங்க 25,000 ரூபாய் கடன் கொடுக்கிறதாத் தீர்மானம் போட்டிருந்தோம். மாட்டுக்காரர் சனிக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன்னு சொல்லிட்டார். என் தோழியோ ரெண்டு செவ்வாய்க்கிழமையாக் கூட்டத்துக்கே வரலை. போன் போட்டாலும் எடுக்கலை.

அன்னைக்கு ராத்திரி எனக்குக் கோபம் பாதி, உரிமை பாதி. சின்ன வயசிலிருந்தே நாங்க ரெண்டு பேரும் நக்கல் பண்ணித்தான் பேசிக்குவோம். அந்தப் பழக்கத்தில் இப்படி எழுதினேன்:

"மகாராணிக்கு எப்போ நேரம் கிடைக்கும்னு சொன்னீங்கன்னா நாங்க எல்லாரும் அரண்மனை வாசல்ல வந்து நிக்கிறோம். உங்க ஒரு கையெழுத்துக்குத்தான் ஊரே காத்துக்கிட்டு இருக்கு. ரொம்ப சந்தோஷம்."

எழுதி முடிச்சதும் எனக்கே சிரிப்பு வந்தது. அவளும் சிரிச்சுக்கிட்டு, "வர்றேன்டி, கத்தாதே"ன்னு பதில் போடுவான்னு நினைச்சேன். அதுக்குள்ள மாவு கரைக்கக் கையை விட்டுட்டேன். ஏழாவது படிக்கிற என் மகளைக் கூப்பிட்டு, "இதை ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு அத்தைக்கு அனுப்பிடு"ன்னு சொன்னேன்.

அவள் பாடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா வாசிச்சா. வாசிச்சுட்டு, "ஏம்மா, அத்தைகூட சண்டையா?"ன்னு கேட்டா. "இல்லடி, விளையாட்டுக்கு எழுதினது"ன்னேன். "விளையாட்டு எங்க இருக்கு? எனக்குத் தெரியலையே"ன்னு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

அந்த ஒரு கேள்வியில் எனக்குப் புரிஞ்சுது. விளையாட்டு எழுத்தில் இல்லை, என் குரலில்தான் இருந்தது. யோசிச்சுப் பாருங்க. "ரொம்ப நல்லா இருக்கு"ன்னு சாதாரணமாச் சொன்னால் பாராட்டு. அதையே "ரொம்ம்ப"ன்னு இழுத்துச் சொன்னால் குத்தல். நேரில் சொல்லும்போது கண்ணு சிரிக்கும், தோளில் ஒரு தட்டுத் தட்டுவோம், கோபம் இல்லைன்னு தெரிஞ்சுடும். எழுதும்போது இழுவையும் போகாது, சிரிப்பும் போகாது, தட்டும் போகாது. எழுத்து மட்டும்தான் போய்ச் சேரும். ஆனா எழுதுறவளுக்கு மட்டும் தன் குரல் காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்கும். அதனால எதிராளிக்கும் கேட்கும்னு நம்பிடுறோம்.

ஒரு பயிற்சியில் ஆசிரியை ஒருத்தர் எங்களுக்கு இதைப் பற்றிச் சொல்லியிருந்தாங்க. அமெரிக்காவில் இதை ஆராய்ச்சி பண்ணி 2005இல் வெளியிட்டிருக்காங்க. சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலதைக் கேலியாகவும் எழுதி மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, படிச்சவங்க எது எதுன்னு கண்டுபிடிக்கணும். 100க்கு 78 தடவை சரியாப் புரிஞ்சுக்குவாங்கன்னு எழுதினவங்க நினைச்சாங்க. நடந்தது 56தான். காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 சரியா வந்துடும். அதையே குரலில் சொன்னப்போ 73 தடவை சரியாப் புரிஞ்சுக்கிட்டாங்க. அன்னைக்குக் கேட்டு மறந்துட்டேன். மகள் கேட்டப்போதான் ஞாபகம் வந்தது.

அடுத்து இன்னொன்னு உறைச்சுது. என் தோழிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வர்ற செய்தியை அவள் மகன்தான் வீட்டில் சத்தமாப் படிச்சுச் சொல்லுவான். திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருப்பாங்க. "குழு குழுன்னு போயி என்னத்தைக் கண்டே"ன்னு ஏற்கெனவே கேட்கிறவங்க. அவங்க காதில் "மகாராணி"ன்னு விழுந்தால், "பாரு, உன் கூட்டாளியே உன்னை என்னன்னு சொல்லுறா"ன்னு அதையே பிடிச்சுக்குவாங்க. நான் ஒருத்திக்கு எழுதினதை ஒரு வீடே கேட்கும். நம்ம உறுப்பினர்கள் நிறைய பேர் வீட்டில் இப்படித்தான் செய்தி வாசிக்கப்படுது.

சரின்னு கையைக் கழுவிட்டுத் திருத்த உட்கார்ந்தேன்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். கடைசியில் ரெண்டு சிரிக்கிற பொம்மையைப் போட்டேன். மகள் பார்த்துட்டு, "இப்போ திட்டிட்டு சிரிக்கிற மாதிரி இருக்கும்மா"ன்னா. உண்மைதான். கண்ணில் தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிற பொம்மை, அவளோடு சேர்ந்து சிரிக்கிறதா, அவளைப் பார்த்துச் சிரிக்கிறதான்னு சொல்லாது. பொம்மையை எடுத்தேன்.

இரண்டாவது தடவை நக்கலை எல்லாம் அழிச்சுட்டு, "வெள்ளிக்கிழமை கையெழுத்து வேண்டும். தவறாமல் வரவும்"னு எழுதினேன். இது வங்கி நோட்டீஸ் மாதிரி இருந்தது. நக்கலோடு சேர்ந்து பாசமும் போயிடுச்சு. அப்போ வெறுமனே அழிச்சால் பத்தாது. ஒவ்வொரு நக்கலுக்கும் அடியில் நான் நிஜமா என்ன சொல்ல நினைச்சேன்னு பார்த்து, அதை நேராச் சொல்லணும்.

அப்படியே ஒவ்வொண்ணா எடுத்தேன். "மகாராணி"க்கு அடியில் இருந்தது, "நீ ரெண்டு வாரமா வராதது எனக்கு வருத்தமா இருக்கு" என்பது. "ஊரே காத்துக்கிட்டு இருக்கு" என்பதற்கு அடியில், மாடு வாங்கப் போற ஒரே ஒரு அக்காவும் சனிக்கிழமைக் கெடுவும் இருந்தது. "அரண்மனை வாசல்ல வந்து நிக்கிறோம்" என்பதற்கு அடியில், வேணும்னா நான் உன் வீட்டுக்கு வர்றேன் என்கிற நிஜமான எண்ணம் இருந்தது. "ரொம்ப சந்தோஷம்" என்பதற்கு அடியில் ஒண்ணுமே இல்லை, வெறும் முள்ளுதான். அதை மட்டும் சுத்தமா எடுத்தேன்.

இன்னொரு திருத்தமும் பண்ணினேன். நான் அவளை ஒரு நாளும் "நீங்க"ன்னு கூப்பிட்டது இல்லை. வாடி போடின்னு பேசுறவ திடீர்னு மரியாதை கொடுத்தால், நம்ம பக்கத்தில் அதுக்குச் சண்டைன்னு அர்த்தம். "நீங்க" எல்லாத்தையும் "நீ"யா மாத்தினேன். கடைசியில் செய்தி இப்படி வந்தது:

"ஏய் புள்ள, ரெண்டு வாரமா உன்னைக் கூட்டத்துல காணலை. போனும் எடுக்கலை. எனக்கு வருத்தமா இருக்கு. உடம்பு ஏதும் சரியில்லையா? மாட்டுக் கடனுக்கு வெள்ளிக்கிழமை பணம் எடுக்கணும், சனிக்கிழமையோட கெடு முடியுது. உன் கையெழுத்து வேணும். 10 மணிக்கு பேங்குக்கு வர முடியுமா? முடியலைன்னா நாளைக்கு சாயங்காலம் நான் செக்கை எடுத்துக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றேன்."

இதில் என் குறையை நான் விழுங்கலைன்னு கவனிங்க. வரலை, போன் எடுக்கலை, வருத்தம் எல்லாம் இருக்கு. மகளை மறுபடியும் அதே பாடப் புத்தகக் குரலில் வாசிக்கச் சொன்னேன். குரலே இல்லாமல் வாசிச்சாலும் அர்த்தம் மாறலை. அனுப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அவளே போன் பண்ணினா. கொஞ்ச நேரம் பேச்சே வரலை. அப்புறம், "ரெண்டு வாரமா சேமிப்பும் தவணையும் கட்டக் காசு இல்லை. வெறுங்கையோட எல்லார் முன்னாடியும் எப்படி வந்து உட்காருறதுன்னுதான் வரலை"ன்னு சொன்னா.

எனக்கு வயிறு பகீர்னு ஆச்சு. காசு இல்லாமல் முகம் மறைச்சுக்கிட்டு இருந்தவளைப் பார்த்து, அரண்மனை, மகாராணின்னு எழுதியிருந்தேனே! நாம ஒருத்தர் வராததுக்குக் காரணம் தெரியாமல்தான் நக்கல் பண்றோம். காரணம் தெரிஞ்சிருந்தால் அந்த வார்த்தை வாயில் வருமா?

வெள்ளிக்கிழமை அவள் வந்தா, கையெழுத்துப் போட்டா, மாடும் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை, ரெண்டு வாரப் பணத்தை அவள் பிரிச்சுக் கட்டலாம்னு தீர்மானம் எழுதினோம்.

தப்பா அனுப்பினால் அழிச்சுக்கலாமேன்னு நீங்க கேட்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பின செய்தியைத் திருத்த 15 நிமிஷம்தான். எல்லாருக்கும் அழிக்க ரெண்டு நாள் வரைக்கும் நேரம் உண்டு. ஆனா அழிச்ச இடத்தில், செய்தி அழிக்கப்பட்டதுன்னு ஒரு வரி நிற்கும். நம்மளைப் பற்றி என்னமோ எழுதி அழிச்சிருக்கான்னு அது வேற உறுத்தும். அதுக்குள்ள படிச்சிருந்தால் அழிச்சும் பிரயோஜனம் இல்லை. அழிக்கிற வேலையை அனுப்புறதுக்கு முன்னாடியே முடிச்சுடணும்.

நான் நக்கலை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. அன்னைக்கு வங்கி வாசலில் அவளைப் பார்த்ததும், "வாங்க மகாராணி"ன்னுதான் கூப்பிட்டேன். அழிச்ச செய்தியையும் அங்கேயே சொன்னேன். முதுகில் ஒரு அடி வெச்சுட்டு, பேங்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிச்சா. நேரில் அந்த வார்த்தைக்குக் காவலா என் முகம் இருந்தது. போனில் அதைத் தனியா அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.