புகாருக்கு முன்னால் அந்த 12 இலக்கம்

இணையத்தில் பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்குப் பேசணும், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியணும். இது உங்களில் நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். அங்கே போனதும் கேட்கப்படும் விவரங்களை எப்படி எடுத்து வைப்பது என்பதை மட்டும் இன்றைக்குப் பேசலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிடறேன். பணம் இப்போதுதான் போயிருக்கிறது என்றால் எதையும் அடுக்கிக்கொண்டு உட்காராதீங்க, உடனே 1930-க்குப் பேசுங்க. மோசடிக்காரரின் கணக்கில் பணம் அதிக நேரம் தங்காது. அடுத்த கணக்குக்குப் போய்விடும், அல்லது ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். வங்கி அதை முடக்கப் பார்ப்பது அதற்கு முன்னால்தான். அந்த அழைப்புக்கு உங்கள் வங்கியின் பெயர், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் இருந்தால் போதும். மற்றதைப் பிறகு எடுக்கலாம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ஓட்டல்களுக்கு மதிப்பீடு போட்டால் தினமும் சம்பளம் என்று டெலிகிராமில் ஒருவருக்குச் செய்தி வருகிறது. திங்கட்கிழமை 2,000 ரூபாய் கட்டுகிறார், அன்றைக்கே 2,800 ரூபாய் திரும்ப வருகிறது. நம்பிக்கை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை 5,000, 18,000, 30,000 என மூன்று முறை கட்டுகிறார். பிறகு பதில் இல்லை.

இவர் புகாரில் “55,000 ரூபாய் போச்சு” என்று ஒரே வரியில் எழுதினால் வங்கியால் தேட முடியாது. போனது நான்கு பரிவர்த்தனை, நான்குக்கும் தனித்தனி எண். அவை வேறு வேறு கணக்குகளுக்குப் போயிருக்கவும் கூடும். அதனால் ஒரு தாளில் நான்கு வரி எழுதணும். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், தொகை, எந்த வங்கியிலிருந்து, எந்த யூபிஐ முகவரிக்கு, பரிவர்த்தனை எண். திரும்ப வந்த 2,800-க்கும் ஐந்தாவதாக ஒரு வரி வேணும். நமக்கு லாபமாக வந்தது தானே என்று அதை விட்டுடாதீங்க. அந்தப் பணத்தை அனுப்பிய கணக்கும் ஒரு தடயம்தான். ‘Failed’ என்று காட்டிய முயற்சியைத் தொகையில் சேர்க்க வேண்டாம்.

நிறைய பேர் தடுமாறுவது அந்தப் பரிவர்த்தனை எண்ணில்தான். பணம் அனுப்பிய செயலியைத் திறந்தால் ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு எண் தெரியும். கூகுள் பேயில் ‘Google transaction ID’ என்று எழுத்துகள் கலந்த ஒன்று இருக்கும். போன்பேயில் T என்று தொடங்கும் ஒன்று இருக்கும். இரண்டும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்குக்கானவை. புகாரில் கேட்பது 12 இலக்க எண். கூகுள் பேயில் ‘UPI transaction ID’ என்றும், போன்பேயில் ‘UTR’ என்றும் இருப்பது அதுதான். வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியிலோ கணக்கு அறிக்கையிலோ அதே எண் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்க, இருந்தால் சரியான எண்ணைத்தான் எடுத்திருக்கீங்க. கையால் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுவது நல்லது. ஒரு இலக்கம் மாறினாலும் அது வேறு யாருடைய பரிவர்த்தனையாகவோ ஆகிவிடும்.

அடுத்து ஸ்கிரீன்ஷாட். கோபத்தில் அந்த ஆளை பிளாக் செய்து உரையாடலை அழித்துவிடுகிறோம். அதற்கு முன்னால் படம் எடுங்க. டெலிகிராமில் எதிர்ப்பக்கத்தவரே உங்கள் போனிலிருந்தும் உரையாடலை அழித்துவிட முடியும், அதனால் காத்திருக்கவும் வேண்டாம். ‘மேனேஜர் சார்’ என்று நீங்கள் பதிந்து வைத்த பெயர் மட்டும் படத்தில் இருந்தால் பயன் குறைவு. அவருடைய சுயவிவரப் பக்கத்தைத் திறந்து, போன் எண்ணோ பயனர் பெயரோ தெரியும்படி ஒரு படம் எடுங்க. பிறகு உரையாடலை மேலிருந்து கீழாக, முந்தைய படத்தின் கடைசிச் செய்தி அடுத்த படத்திலும் வரும்படி எடுங்க. தேதி தெரியணும். வெட்டவோ சிவப்பு வட்டம் போடவோ வேண்டுமானால் ஒரு நகலில் செய்யுங்க, அசல் அப்படியே இருக்கட்டும்.

அழைப்புகளில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வந்த அழைப்புகள் பல போன்களின் சாதாரண அழைப்புப் பட்டியலில் இருக்காது. அந்தந்த செயலிக்குள் போய்த்தான் எடுக்கணும். எண், தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்பது தெரிந்தால் போதும்.

தளத்தில் நடந்ததை விவரிக்கும் இடத்தில் குறைந்தது 200 எழுத்துகள் கேட்கும், #, $, @ போன்ற குறிகளை ஏற்காது. யூபிஐ முகவரியில் @ இருக்கும் என்பதால் அதை ஸ்கிரீன்ஷாட்டில் காட்டிவிடுங்க. ஆதாரக் கோப்பு ஒவ்வொன்றும் 10 எம்பிக்குள், அடையாள அட்டையின் படம் 5 எம்பிக்குள் இருக்கணும். பின் எண், ஓடிபி இரண்டையும் எங்கேயும் எழுதாதீங்க, புகாருக்கு அவை தேவையே இல்லை.

பதிந்ததும் ஒரு ஒப்புகை எண் வரும். அதை அந்தத் தாளிலேயே, ஐந்து வரிக்குக் கீழே எழுதி வைங்க. விசாரணையில் போனையே கேட்கலாம், அதுவரை ரீசெட் செய்ய வேண்டாம். “உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், கட்டணம் கட்டுங்க” என்று யாராவது கூப்பிட்டால், அந்த எண்ணும் நேரமும் ஆறாவது வரி.