எடைக்குப் போகும் எழுத்து



தோட்டம் துண்டாடப்படும்போது மக்கள் லயத்தை விட்டு வெளியேறுகிறார்கள். கோயிலும் இடம் மாறுகிறது. கலும்பாங் முதல் கோலசிலாங்கூர் வரை நம்மில் பலருக்கு இது பழகிய செய்தி. அந்த நேரத்தில்தான் பழைய சாமான் வாங்குபவர் தராசோடு வந்து நிற்பார். கோயிலின் உடைந்த மணி, கைப்பிடி போன குத்துவிளக்கு, பாட்டியின் பித்தளைக் குடம் எல்லாமே அவருக்கு ஒன்றுதான். செம்புக்கும் பித்தளைக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார். ஆனால் அவருடைய தராசில் நிற்காத ஒன்று அந்தப் பாத்திரத்தில் இருக்கக்கூடும். அது எழுத்து.

எழுத்து என்ன செய்யும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவத்தைப் பார்ப்போம். நியூசிலாந்தின் வடபகுதியில் ஏறக்குறைய 1836ஆம் ஆண்டில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி ஒரு மாவோரி கிராமத்துக்குப் போனார். அங்கே பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். புயலில் சாய்ந்த ஒரு மரத்தின் வேரடியில் அது கிடைத்தது என்றும், பல தலைமுறையாகத் தங்களிடம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமல்ல. கீழ் விளிம்பு உடைந்துபோன ஒரு மணியின் மேற்பகுதி! அதைச் சுற்றிலும் எழுத்துகள் இருந்தன. கொலென்சோ ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

பின்னர் அந்த எழுத்துகள் தமிழ் என்று தெரிந்தது. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். தமிழறிந்த ஒருவரின் கப்பல் மணி அத்தனை தொலைவுக்கு எப்படிப் போயிற்று என்பது இன்றுவரை தீராத கேள்வி. இப்போது அந்த மணி வெலிங்டன் நகரிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாராவது அதை உருக்கியிருந்தால் கிடைத்திருப்பது ஒரு பிடி வெண்கலம். அந்தப் பெயரும் கேள்வியும் உலையிலேயே போயிருக்கும்.

நம் வீட்டிலும் கோயிலிலும் உள்ளவற்றை எப்படிப் பார்ப்பது? முதலில் மணியின் தோள்பட்டை, விளக்கின் அடித்தட்டு, குடத்தின் கழுத்து ஆகிய இடங்களைப் பாருங்கள். பெயர் வெட்டுபவர் உளியால் புள்ளி புள்ளியாகப் பொறித்திருப்பார். பகலில் அது தெரியாமல் போகலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். பிறகு மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தால் படி கிடைத்துவிடும்.

ஒரு குத்துவிளக்கில் 'பிங்கள வருடம்' என்றும், தோட்டத்தின் பெயரும், உபயகாரர் பெயரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ் வருடங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. எனவே அது 1917ஆம் ஆண்டு சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1977இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். எது சரி என்பதைத் தோட்டத்தின் பழைய பெயரும், அந்த உபயகாரரை அறிந்த முதியவரும்தான் சொல்ல முடியும். ஆகவே விளக்கு கைமாறுவதற்கு முன்பே, முதியவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பளபளப்புக்காக ஆசிட் ஊற்றுவதும், சாணை பிடிப்பதும் வேண்டாம். புளி போட்டு வருடந்தோறும் அழுத்தித் தேய்த்தாலும் எழுத்து மழுங்கும். படிந்த தூசியை மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

கோயில் பொருள் தனியொருவர் பொருளல்ல. தலைவரோ பூசாரியோ தாமாக விற்கக் கூடாது. ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படமெடுத்து, உயரம், எடை, எழுத்து, குறைபாடு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, நிர்வாகக் குழுவில் கையெழுத்து வாங்கி வையுங்கள். படத்தின் பலன் சிறிதல்ல. தமிழ்நாட்டு ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜர் சிலை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரை போய்விட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம்தான் அதன் ஊரைக் காட்டிக்கொடுத்தது. 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

மண் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால், மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்.

எல்லாப் பித்தளையும் பொக்கிஷம் என்று நாம் சொல்லவில்லை. பெயரோ, கதையோ இல்லாத ஓட்டைச் சொம்பை விற்பதில் குற்றமில்லை. ஆனால் தராசில் ஏற்றும் முன் திருப்பிப் பாருங்கள். உருக்கிய பின் படிப்பதற்கு ஒன்றுமிருக்காது.