“பகிரப்படலாம்” என்றால் யார், யாரிடம்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



நம் கேட்டில் பயன்படுத்தும் விசிட்டர் ஆப்பின் தனியுரிமைப் பகுதியை எளிய தமிழில் எழுதி ஒட்டலாம் என்று சங்கம் சொன்னது. மொழிபெயர்ப்பு என் தொழில். அதனால் வேலை என்னிடம் வந்தது. அதில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஆப்பிலேயே தமிழ்ப் பக்கம் இருக்கிறது. “சேவையை மேம்படுத்தும் பொருட்டு தங்களது தரவுகள் மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம், தேவைப்படும் காலம் வரை தக்கவைக்கப்படலாம்” என்கிறது அது. இலக்கணம் சரிதான். ஆனால் பகிர்வது யார் என்று வாக்கியத்தில் இல்லை. “லாம்” இன்னொரு சிக்கல். நிறுவனம் அதைத் தனக்கான அனுமதியாக எழுதுகிறது. படிப்பவரோ “ஒருவேளை நடக்கலாம், நடக்காமலும் போகலாம்” என்று எடுத்துக்கொள்கிறார். மூன்றாம் தரப்பு யார் என்பது அகராதியில் கிடைக்காது, நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் கேட்டோம். வந்த பதிலை வைத்து எழுதியது இது:

“உங்கள் பெயர், போன் நம்பர், போட்டோ, வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றை ஆப் நிறுவனம் பதிவு செய்கிறது. ஓ.டி.பி. அனுப்பும் நிறுவனத்துக்கு உங்கள் நம்பரைக் கொடுக்கிறது. பதிவை 180 நாள் வைத்திருக்கும்.”

வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் செக்யூரிட்டியிடமும் இதைக் கொடுத்துப் பார்த்தோம். “புரிந்ததா?” என்று கேட்கவில்லை, கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். “உங்க நம்பர் யாருக்குப் போகுது? எத்தனை நாள் இருக்கும்?” என்று கேட்டோம். ஒரு அம்மா, “நான் 180 நாள் வேலைக்கு வரலைன்னா அழிச்சிடுவாங்களா?” என்றார். நல்ல கேள்வி. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று வாக்கியம் சொல்லவில்லையே! “ஒவ்வொரு நாள் பதிவையும் அந்தத் தேதியிலிருந்து 180 நாள் கழித்து அழிக்கும்” என்று மாற்றினோம்.

“சேவையை மேம்படுத்த” என்பதில் விளம்பரமும் அடங்குமா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை. “விளம்பரத்துக்குக் கொடுக்காது” என்று எழுதினால் படிக்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அது நிறுவனம் தராத வாக்குறுதி. ஆகவே, “வேறு நிறுவனங்களுக்கும் கொடுக்க அனுமதி கேட்கிறது, யாருக்கு என்று சொல்லவில்லை” என்றே எழுதியிருக்கிறேன். நம் தாள் ஒரு விளக்கம்தான். முரண்பாடு வந்தால் ஆங்கில வாசகமே செல்லும் என்று ஒப்பந்தத்தின் கடைசியில் இருக்கிறது.

2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கேட்கும் வாசகம் எளிய மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி தர வேண்டும். தமிழும் அதில் உண்டு. ஒப்புதலைக் கொடுத்த அளவுக்குச் சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். சட்டம் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது.

தாள் திங்கட்கிழமை கேட்டில் ஒட்டப்படும். விளம்பரக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே ஆப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.