ஒரு தாயின் மன்றாட்டு

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது, உயிரியல் படித்த எங்கள் அக்காமார் பலருக்கு மருத்துவ பீடத்தின் கதவு சாத்தப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் தாதியர் பயிற்சிக்கு வெளிநாடுகளிலிருந்து பெண்களை எடுத்துக்கொண்டிருந்தன. படிக்கும்போதே மாதப் படி. தங்குவதற்குத் தாதியர் விடுதி. யாழ்தேவியில் ஏறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்குப் பறந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் தாயார் மகளுடைய வேதப்புத்தகத்துள் வைத்தனுப்பிய மன்றாட்டை, பெயர் சொல்லாமல் வாசிக்க எமக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

"ஆண்டவரே, என் பிள்ளை நாளைக்குப் போகிறாள். அவள் போகிற ஊரை நான் கண்டதில்லை, நீர் கண்டிருக்கிறீர். வந்த கடிதத்தில் எனக்கு விளங்கினது 'நேர்ஸ்' என்ற ஒரு சொல்தான். மற்றச் சொற்களை அவளுக்கு விளங்கப்பண்ணும். அந்நிய மனிதரை அவள் கழுவித் துடைக்க வேண்டிவரும் என்று சனம் சொல்லுகிறது. அவள் கை கூசாதிருக்கட்டும். அந்தக் கையில் கிடக்கிறவரும் கூசாதிருக்கட்டும். அவள் முன்னே ஒருவர் சாகும் முதல் இரவில் அவளைத் தனியே விடாதேயும். அவள் திரும்பி வரவேண்டும் என்று கேட்க எனக்கு ஆசை. அதை உம்மிடம் விட்டுவிடுகிறேன். ஆமென்."

'சனம் சொல்லுகிறது' என்பதற்குள் அந்தக் காலம் இருக்கிறது. மானிப்பாயிலும் இணுவிலிலும் மிஷன் ஆஸ்பத்திரிகள் நெடுங்காலம் இருந்தும், பிறர் உடலைத் தொடும் வேலை, இரவு வேலை என்று முகம் சுளித்த வீடுகள் பல. இந்தத் தாய் அவர்களோடு வாதாடவில்லை. கூச்சம் இரண்டு பக்கமும் உண்டு என்பதைக் கண்டுகொண்டார். படுக்கையில் வைத்து நோயாளியைக் கழுவும் முறையே இதற்காகத்தான் அமைந்தது. முதலில் திரையை இழுத்து, செய்யப்போவதைச் சொல்ல வேண்டும். தண்ணீரின் சூட்டைப் பார்க்க வேண்டும். உடல் முழுவதையும் போர்வையால் மூடி, கழுவுகிற பகுதியை மட்டும் திறந்து, துடைத்து, உடனே மூட வேண்டும். முகத்தில் தொடங்கி, அந்தரங்கப் பகுதியைக் கடைசியில், புதுத் தண்ணீரில் கழுவ வேண்டும். முடிந்தவரிடம் துணியைக் கொடுத்து அவரையே செய்யவிட வேண்டும். அவசரத்தில் போர்வை முழுதும் விலகிக் கிடந்தால், நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைக் கண்டால் வேலை பிழைத்துவிட்டது என்று அறியலாம்.

இறந்தவரின் உடலையும் அப்படியே கழுவுகிறோம். கண்களை மூடி, கைகால்களை உடல் விறைக்குமுன் நேராக்கி, கழுவி, பெயர்ச் சீட்டுக் கட்டுகிறோம். வழக்கமாக இதை இருவர் சேர்ந்து செய்வார்கள். ஒருவராக உடலைப் புரட்ட முடியாது என்பது ஒரு காரணம். புதியவள் பக்கத்தில் பழகியவர் ஒருவர் நிற்பது மற்றப் பயன். 'தனியே விடாதேயும்' என்ற மன்றாட்டுக்கு அந்த அக்காவின் வார்டில் கிடைத்த பதில், எதிர்ப்பக்கம் நின்ற ஒரு மூத்த தாதி. செத்தவரோடும் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டே கழுவினாராம்.

அந்தக் கடிதத்தின் 'மற்றச் சொற்கள்' இன்னொரு கதை. அக்காலம் இங்கிலாந்தில் தாதியர் பயிற்சி இரண்டு வகை. மூன்று வருடம் படித்தால் எஸ்.ஆர்.என்.; இரண்டு வருடம் படித்தால் எஸ்.இ.என். இரண்டாவதோடு நின்றவர் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்ராக உயர்வது அரிது. வெளியே பல நாடுகளில் அந்தச் சான்றிதழ் செல்லாது. வெளிநாட்டுப் பெண்கள் பலர் வேறுபாடு தெரியாமலே இரண்டாவதில் சேர்க்கப்பட்டார்கள். எங்கள் அக்காவின் கடிதத்திலும் இரண்டு வருடம் என்றுதான் இருந்தது. விடுதியில் ஒரு மலேசியப் பெண் சொல்லித்தான் அதன் பொருள் விளங்கியது. உயர்தரப் பெறுபேற்றை எடுத்துக்கொண்டு மேற்றனிடம் போய்க் கேட்டார். மூன்று வருடப் பயிற்சிக்கு மாற்றினார்கள். கூட வந்த இருவர் கேட்கவில்லை. அவர்கள் வேலைக்காலம் முடியும்வரை எஸ்.இ.என்.னாகவே இருந்தார்கள்.

அந்தப் பிரிவு இன்று இல்லை, பொறி இருக்கிறது. பிரித்தானியாவுக்கும் ஜேர்மனிக்கும் போகும் பிள்ளைகளின் கடிதத்தில், பதிவுபெற்ற தாதியாகும் படிப்பா, பராமரிப்பு உதவியாளர் வேலையா என்று பாருங்கள். எத்தனை வருடம், முடிவில் எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும் என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்துக்குப் பொருள் சொல்ல, எந்த நாட்டிலும் எங்கள் சங்கத்தில் ஓர் அக்கா இருப்பார்.

அந்த அக்கா ஊரோடு திரும்பவில்லை. முதலில் வேலை, பிறகு 1983. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது தாயார் ஒரு பையோடு வீட்டைவிட்டார். மீண்டு போனபோது படமோ காகிதமோ எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. தாயாரின் கையெழுத்தில் இன்று குடும்பத்திடம் இருப்பது, மகளோடு கடல் கடந்துபோன இந்த ஒரு தாள்தான்.