தாத்தா தப்பினார், பேரன் படுத்தான்



ஆண்டுதோறும் வரும் ஃப்ளூ காய்ச்சலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். 2009 ஏப்ரலில் மெக்சிகோ மருத்துவமனைகளில் நடந்தது இதற்கு நேர்மாறு. கடும் நிமோனியாவோடு வந்து இறந்தவர்களில் நூற்றுக்கு 87 பேர் 5 முதல் 59 வயதுக்குள் இருந்தார்கள். முந்தைய ஆண்டுகளில் அந்த வயதினரின் பங்கு 17 தான். பன்றிக் காய்ச்சல் என்று நாம் அழைத்த எச்1என்1 கொள்ளைநோயின் தொடக்கம் அது.

வயதானவர்களை அது ஏன் விட்டு வைத்தது? விடையை, அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள நோய்த் தடுப்பு மையம் பழைய ரத்தத்தில் தேடியது. முந்தைய தடுப்பூசி ஆய்வுகளுக்காக எடுத்துச் சேமித்த ரத்தச் சீரம் இருந்தது. இந்தப் புது வைரஸ் உலகில் தோன்றுவதற்கு முன்பே எடுத்த ரத்தம் அது.

அந்தச் சீரத்தை இரண்டு மடங்கு, இரண்டு மடங்காக நீர்க்கச் செய்துகொண்டே போனார்கள். ஒவ்வொன்றிலும் புது வைரஸைக் கலந்து, வளரும் செல்களின் மேல் விட்டார்கள். சீரத்தில் பொருத்தமான எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸ் செல்லுக்குள் நுழையாது. எண்பது மடங்கு நீர்த்த பிறகும் வைரஸைத் தடுக்கிறதா என்று பார்த்தார்கள். 1980க்குப் பின் பிறந்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேரின் சீரம்தான் தடுத்தது. 1950க்கு முன் பிறந்தவர்களிலோ 34 பேர். வழக்கமான ஃப்ளூ ஊசி இளைஞர்களுக்கு இதில் அநேகமாக உதவவே இல்லை.

பெரியவர்களுக்கு இந்த எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது? இங்கேதான் பன்றி வருகிறது. 1918 பெருந்தொற்றின் வைரஸ் மனிதர்களிடம் பரவிய காலத்தில் அமெரிக்கப் பன்றிகளுக்கும் அதே வைரஸ் தொற்றியது. அதன் பிறகு இரண்டு கிளைகளும் தனித்தனி வழியில் போயின. மனிதர்களிடம் இருந்த கிளை, எதிர்ப்பொருள்களிடமிருந்து தப்பிக்க ஆண்டுக்கு ஆண்டு உருமாறியது. 1940களிலிருந்து தன் மேற்புறப் புரதத்தின் தலைப்பகுதியைச் சர்க்கரை மூலக்கூறுகளால் போர்த்திக்கொண்டது. பன்றிகள் குறைந்த காலமே வாழ்வதால், ஒரே பன்றி மறுபடி மறுபடி தொற்றுக்கு ஆளாவது குறைவு. அங்கே வைரஸ் மாற வேண்டிய நெருக்கடி இல்லை. 2009இல் பன்றியிலிருந்து திரும்பி வந்த வைரஸின் தலைப்பகுதி, போர்வையில்லாத பழைய 1918 முகத்தைப் பெரிதும் ஒத்திருந்தது.

சிறுவயதில் அந்தப் பழைய முகத்தைக் கண்டவர்களின் உடல் அதை அடையாளம் கண்டுகொண்டது. இளைஞர்கள் கண்டதோ போர்த்திய முகம். 1957இல் எச்1என்1 மனிதர்களிடமிருந்து மறைந்து, 1977இல்தான் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பிறந்தவர்களுக்கு முதலில் வந்தது வேறு வகை ஃப்ளூ.

இந்த விளக்கத்துக்கு எனக்கு மிகவும் உறுதியாகத் தெரியும் சான்றின் தொடக்கம் 1976இல் இருக்கிறது. நியூஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றி வைரஸ் தலைகாட்டியதும், நாலு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களுக்கு அதற்கான ஊசி போட்டார்கள். கொள்ளைநோய் வரவில்லை. சிலருக்கு நரம்புகளைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் கண்டதால் திட்டமும் நின்றது. ஆனால் அப்போது ஊசி போட்டவர்களின் பழைய சீரத்தைப் பின்னாளில் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் 2009 வைரஸை வலுவாகத் தடுக்கும் எதிர்ப்பொருள் இருந்தது.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. முதியவர்களுக்கு நோய் தொற்றியது குறைவு; தொற்றிய முதியவர்களுக்கோ உயிராபத்து இளைஞர்களைவிட அதிகம். இளைஞர்களின் இறப்பு கூடியதற்கு முதல் காரணம், அத்தனை பேருக்குத் தொற்றியது. இன்னொரு காரணம், வழக்கமான ஃப்ளூவைவிட இந்த வைரஸ் நுரையீரலின் அடிப்பகுதி வரை இறங்கக்கூடியதாக இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வென்டிலேட்டரின் உதவியும் போதாமல், ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றும் கருவியில் 68 பேரை வைத்தார்கள். அவர்களின் நடு வயது 34.

அவர்களில் கர்ப்பிணிகளும் பிரசவித்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் எந்த நேரத்திலும் கர்ப்பமாக இருப்பவர்கள் மக்கள்தொகையில் நூற்றில் ஒருவர். ஆனால் 2009இன் எச்1என்1 இறப்புகளில் அவர்கள் பங்கு நூற்றுக்குச் சுமார் ஐந்து. உடனடி சோதனைக் கிட்டில் ‘இல்லை’ என்று வந்ததை நம்பி அவர்களுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தள்ளிப்போட்டதும் நடந்தது. அந்தக் கிட்டுகள் பல தொற்றுகளைத் தவறவிட்டன. காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் ஓசெல்டாமிவிர் பெற்ற கர்ப்பிணிகளில் சிலரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள்; நான்கு நாள் கழித்துப் பெற்றவர்களிலோ பாதிக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அதனால்தான் கர்ப்பிணிக்கு ஃப்ளூ என்ற சந்தேகம் வந்தாலே, சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கும்படி மருத்துவர்களுக்குச் சொல்லப்படுகிறது.